ஆணின் 25-ம் பெண்ணின் 25-ம்: உடல் கொழுப்பு விகிதம் ஓர் ஒப்பீடு

முப்பது வயதில் ஓர் ஆண், ஒரு பெண். இருவருக்கும் உடல் கொழுப்பு 25 சதவீதம். பெண்ணுக்கு இது ஆரோக்கியமான அளவு. 20 முதல் 39 வயது வரை அவருக்குச் சுமார் 21 முதல் 32 வரை இருக்கலாம். அதே வயது ஆணுக்கு 8 முதல் 19 வரைதான், ஆகவே அவருக்கு 25 அதிகம். உயிர்வாழவே தேவைப்படும் கொழுப்பு ஆணுக்கு ஏறக்குறைய 3 சதவீதம், பெண்ணுக்கு 12. மார்பகம், இடுப்பு, தொடையில் சேர்வது கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்குமான இருப்பு. அதை மிகவும் குறைத்தால் மாதவிடாய் தவறலாம்.

வயது ஏற ஏற வரம்பும் நகர்கிறது. 40 முதல் 59 வரை ஆணுக்கு 11–21, பெண்ணுக்கு 23–33. அறுபதுக்கு மேல் 13–24, 24–35. கொழுப்பு கூடுவது மட்டுமே காரணமல்ல, தசை கரைவதும்தான். 70 கிலோ ஆணுக்கு முப்பதில் 17 சதவீதம் என்றால் கொழுப்பு 11.9 கிலோ. அறுபதிலும் எடை அதே 70, விகிதம் மட்டும் 24 என்றால் 16.8 கிலோ. ஏறத்தாழ 5 கிலோ தசையும் பிறவும் போய் அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துவிட்டது. எடை பார்க்கும் மெஷினோ எதுவும் நடக்காததுபோல் 70 என்றே காட்டும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொழுப்பு தொடையைவிட வயிற்றில் அதிகம் சேரும். அதனால் அந்த வயதில் விகிதத்தோடு இடுப்புச் சுற்றளவையும் பார்ப்பது நல்லது.

கால் வைத்து அளக்கும் மின்னணு மெஷின்கள் உடலின் நீரை வைத்தே கணக்கிடுகின்றன. உடலில் நீர் குறைந்திருந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் அளந்தால் ஒப்பிடலாம்.