கிரனைட் மேடையில் பதித்த காஸ் ஹொப்: நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு அளவுகள் பற்றி

உப்புவெளியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டுக் குசினி இது. மேடை பழைய முறையில் கட்டியது. செங்கல் தாங்கிகளுக்கு மேல் 75 மி.மீ கொங்கிரீட் தட்டு, அதன் மேல் ஏறக்குறைய 20 மி.மீ சாந்து, அதன் மேல் 20 மி.மீ கிரனைட். அதில் மூன்று அடுப்புள்ள கண்ணாடி மேற்பரப்பு ஹொப் ஒன்று பதிக்கப்பட்டு நான்கு வருடமாகிறது. தினமும் மூன்று வேளைச் சமையல் நடக்கும் வீடு. அடுப்பின் சுடர் எப்படி, துடைக்க இலகுவா என்பதெல்லாம் எங்கும் வாசிக்கலாம். இங்கே பேசுவது வெட்டுத்துளையையும் அதைச் சுற்றி விட்ட இடைவெளிகளையும் பற்றி மட்டுமே. நான்கு வருடத்தில் நல்லது கெட்டது இரண்டையும் தீர்மானித்தவை அவைதான்.

ஹொப்பின் கண்ணாடி 760 × 450 மி.மீ. பெட்டியில் அச்சிட்ட வெட்டளவு 700 × 400. கீழே இறங்கும் தகரப் பெட்டியின் உண்மையான அளவு 692 × 392. ஆகவே கண்ணாடி கல்லின் மேல் இடம் வலமாக 30 மி.மீ வீதமும், முன்பின்னாக 25 மி.மீ வீதமும் படிந்து நிற்கிறது. உங்கள் மொடலுக்கு இந்த எண்கள் வேறாக இருக்கும். ஹொப்பை வாங்கி, பெட்டியைப் பிரித்து, தகரப் பெட்டியை நீங்களே அளந்த பிறகுதான் கல்லில் கோடு போட வேண்டும். கடையில் சொன்ன அளவை நம்பி முதலில் கல்லை வெட்டிவிட்டு அதற்கேற்ற ஹொப்பைத் தேடி அலைபவர்கள் அதிகம்.

முதலாவது சிக்கல் அங்குலத்தில் தொடங்குகிறது. ஹொப்பின் அளவு மி.மீட்டரில் இருக்கும், கல் வெட்டுபவரின் கை அங்குலத்தில் ஓடும். 700 மி.மீ என்றால் இருபத்தேழரை அங்குலம் என்று பிடித்துக்கொள்வார்கள். அது 698.5 மி.மீ. ஒன்றரை மி.மீ குறைவு ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் கல் எப்போதும் கோட்டில் நேராக வெட்டுப்படுவதில்லை. அங்கங்கே இரண்டு மூன்று மி.மீ உள்ளே தள்ளி நிற்கும், பெட்டி இறங்காது. பிறகு பதித்த கல்லை அங்கேயே வைத்துக் கிரைண்டரால் சுரண்டுவார்கள், விளிம்பு பொரிந்துவிடும். குறையக் கூடாது, 2 மி.மீ வரை கூடலாம் என்று எழுதிக் கொடுத்து, மி.மீ நாடாவையும் கையில் கொடுப்பது நல்லது. கோடு போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 700 × 400க்கு இரண்டுமே 806 மி.மீ வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் துளை சாய்ந்திருக்கிறது.

அடுத்தது, துளையை மேடையில் எங்கே வைப்பது என்ற கேள்வி. இந்த மேடையின் ஆழம் 600 மி.மீ, பூச்சுச் சுவரிலிருந்து அளந்தது. ஆனால் ரைல்ஸ் கல்லுக்கு மேல் பிறகுதான் ஒட்டப்படும். ரைல்ஸும் அதன் பசையும் சேர்ந்து 15 மி.மீ எடுத்துக்கொண்டன. மிஞ்சியது 585. அதில் துளைக்கு 400 போக 185 இருக்கிறது. இதை முன்னுக்கு 80, பின்னுக்கு 105 என்று பிரித்தார்கள். பல கையேடுகள் பின் சுவருக்கு 50 மி.மீ போதும் என்ற அளவில் எழுதுகின்றன. அது ஹொப்புக்குப் போதும், சட்டிக்குப் போதாது. பின்னடுப்பின் நடுப்புள்ளி கண்ணாடியின் பின் விளிம்பிலிருந்து 130 மி.மீ தள்ளியிருக்கிறது. கண்ணாடிக்கும் ரைல்ஸுக்கும் இடையே 80. ஆகவே அடுப்பின் நடுவிலிருந்து சுவருக்கு 210 மி.மீ. விருந்தாளிகள் வந்தால் ஏறும் பெரிய பானை 36 செ.மீ விட்டம், அதாவது ஆரை 180. சுவருக்கும் பானைக்கும் 30 மி.மீ மிஞ்சுகிறது. நான்கு வருடத்தில் பின் ரைல்ஸ் வெடிக்கவில்லை, இடுக்குச் சாந்து கருகவில்லை. 50 மட்டும் விட்டிருந்தால் பானை சுவரில் உரசிக்கொண்டே இருந்திருக்கும், அல்லது அடுப்பின் நடுவை விட்டு முன்னுக்கு இழுத்துவைக்க வேண்டி வந்திருக்கும். உங்கள் வீட்டின் ஆகப் பெரிய பாத்திரத்தை அளந்து இந்தக் கணக்கைப் போடாமல் துளையின் இடத்தை முடிவுசெய்யாதீர்கள். பக்கச் சுவருக்கும் இதே கணக்குத்தான். மேலே புகைபோக்கி இருந்தால், சட்டி தாங்கியிலிருந்து அதன் அடிவரை 750 மி.மீ விட்டால் அநேகமான கையேடுகளுக்கு ஒத்துவரும்.

முன்பட்டை 80 மி.மீ என்பது அவ்வளவு அகலமில்லை. 700 மி.மீ நீளத்துக்கு அந்த ஒடுங்கிய கல்தான் மேடையின் பலவீனமான இடம். அது உடையும் விதத்தைப் புரிந்துகொண்டால் வெட்டும்போதே தடுக்கலாம். கிரைண்டரின் தகடு வட்டம். மேலிருந்து மூலைவரை வெட்டினாலும் கல்லின் அடிப்பக்கத்தில் மூலை வெட்டுப்படாமல் நிற்கும். அதை விடுவிக்க மேலே கோட்டைத் தாண்டி ஒன்றிரண்டு அங்குலம் கூட ஓட்டுவார்கள். அந்தக் கூடுதல் கீறல்தான் வெடிப்பின் ஆரம்பம். சரியான முறை, முதலில் நான்கு மூலையிலும் 20 மி.மீ வட்டத் துளைப்பானால் துளை போட்டு, பிறகு துளையிலிருந்து துளைவரை மட்டும் வெட்டுவது. மூலை 10 மி.மீ ஆரையோடு வளைந்து நிற்கும். கூர்மூலையில் ஒரே புள்ளியில் சேரும் அழுத்தம் வளைவில் பரவிப்போகும். ஹொப்பின் தகரப் பெட்டியின் மூலையும் வளைந்துதான் இருக்கும், ஆகவே இறங்குவதில் தடையில்லை. ஆனாலும் கல்லைத் துளைக்கும் முன் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

இந்தக் குசினியில் மூன்று மூலை அப்படி வெட்டப்பட்டது. முன் இடது மூலையில் மட்டும் தகடு சற்றுத் தாண்டிப்போனது. இரண்டாவது வருடத்தில் அதிலிருந்து முன் விளிம்பை நோக்கி மயிரளவு வெடிப்பு ஒன்று தெரிந்தது. உலர்ந்த கல்லில் இது கண்ணுக்குப் படாது. ஈரத்துணியால் துடைத்து ஐந்து நிமிடம் விட்டால் கல் காய்ந்துவிடும், வெடிப்புக் கோடு மட்டும் ஈரம் பிடித்துக் கறுப்பாக நிற்கும். கல்லுக்குக் கீழே சாந்து முழுமையாகப் பரவி இருந்ததால் பட்டை இறங்கவில்லை. மூலைகளிலும் நடுவிலும் மட்டும் உருண்டையாகச் சாந்து வைத்துக் கல்லை இருத்தியிருந்தால் இந்நேரம் இரண்டாக விழுந்திருக்கும். வெடிப்புக்குள் கல்லுக்கான இளகிய எப்பொக்சி ஊற்றியதோடு வெடிப்பு இரண்டு வருடமாக நீளவில்லை.

இனி, அநேகர் கவனிக்காத பகுதிக்கு வருவோம். ஹொப் 20 முதல் 40 மி.மீ தடிப்புள்ள மேற்பரப்புக்கென்று செய்யப்பட்டது. இடம் வலமாக இரண்டிரண்டு கிளிப் இருக்கின்றன, அவை கல்லின் அடியைப் பிடித்து ஹொப்பைக் கீழே இழுக்க வேண்டும். நம் மேடையோ கல்லும் சாந்தும் கொங்கிரீட்டும் சேர்ந்து 115 மி.மீ. கொங்கிரீட்டிலும் அதே 700 × 400 துளையைப் போட்டால் கிளிப்புக்குப் பிடிக்க எதுவுமில்லை, காஸ் வந்து சேரும் முழங்கை இணைப்பு கொங்கிரீட்டில் இடிக்கும், கையை விட்டு நட்டு இறுக்கவும் முடியாது. ஆகவே கொங்கிரீட் துளை கல் துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே 780 × 440 வெட்டப்பட்டது. பக்கங்களில் 40 வீதம் கிளிப்புக்கு, பின்னுக்கு 40 காஸ் இணைப்புக்கு. முன்னுக்கு ஒன்றும் கூட்டவில்லை, அங்கே கொங்கிரீட் முன்பட்டைக்கு முட்டாக நிற்க வேண்டும். விளிம்பில் தொங்கும் சாந்தையும் சுரண்டி எடுத்தால்தான் கிளிப் கல்லில் படியும். புதிதாகக் கட்டுபவர்கள் தட்டுப் போடும்போதே பலகையால் இந்த இடத்தை விட்டுவிடலாம்.

வெட்டிய கொங்கிரீட்டில் கம்பி நுனிகள் வெளியே தெரியும். உப்புக்காற்று உள்ள ஊரில் இதை அப்படியே விடக் கூடாது. துரு பிடித்த கம்பி பருத்து, கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். மூன்று பக்கத்தில் துரு தடுக்கும் பூச்சு அடித்திருந்தார்கள், பின்பக்கம் எட்டவில்லை என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது வருடம் அந்தப் பின்பக்கத்தில்தான் செம்மஞ்சள் கறையும் சில்லு உதிர்வும் வந்தன. ஹொப்போடு வந்த கிளிப்பும் திருகுகளும் அதற்கு முன்பே துருவாகி, துருப்பிடிக்காத எஃகில் மாற்றப்பட்டன. கிளிப்பை ஹொப் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். முழுப் பலத்தில் இறுக்கினால் கண்ணாடி வளைந்த நிலையிலேயே இருந்து, ஒருநாள் சூட்டில் நொறுங்கும்.

காற்று வழி பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வகைக் கண்ணாடி ஹொப் பல, சுடருக்கு வேண்டிய காற்றைக் கீழே அலுமாரிக்குள்ளிருந்தே இழுக்கின்றன. முதல் மாதம் சட்டியின் அடியில் கரி பிடித்தது, சுடர் நுனி மஞ்சளாக ஆடியது. அடுப்பின் கோளாறா, காற்றின் குறையா என்று அறிய ஒரு சோதனை போதும். கீழே உள்ள கதவுகளைத் திறந்துவையுங்கள். ஒரு நிமிடத்தில் சுடர் நீலமானால் காற்றுக் குறைதான். கதவின் மேல்பக்கத்தைக் குறைத்து 700 மி.மீ நீளத்துக்கு 20 மி.மீ இடைவெளி விட்டதும், அதாவது 140 சதுர செ.மீ, பிரச்சினை தீர்ந்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் பின்கதவு திறந்திருந்தால் காற்று அந்த இடைவெளியால் நுழைந்து சிறிய அடுப்பை அணைத்துவிடுகிறது. அது தீர்வில்லாமல்தான் இருக்கிறது, கதவைச் சாத்தித்தான் சமைக்கிறார்கள். ஹொப்பை அந்தக் கதவுக்கு நேரே வைத்தது பிழை.

சிலிண்டர் இந்த அலுமாரிக்குள் இல்லை. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில் தேங்கும். வெளிச்சுவரில் வைத்துக் குழாயைச் சுவரூடாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் அலுமாரியின் அடியில், தரையை ஒட்டி, வெளியே திறக்கும் துளைகள் வேண்டும். மேலே விட்ட இடைவெளி கசிவுக்கு உதவாது. றப்பர் குழாய் ஹொப்பின் தகர அடியில் படாமல் தொங்க வேண்டும், பின்னுக்கு விட்ட 40 மி.மீ இதற்கும் உதவியது.

கண்ணாடியைச் சுற்றி சிலிகோன் பூசவில்லை. கூட வந்த நுரை ரேப்பைத்தான் ஒட்டினார்கள். மூன்றாவது வருடம் அது தட்டையாகி, பொங்கி வழிந்த பால் அலுமாரிக்குள் சொட்டியது. நான்கு கிளிப்பைக் கழற்றி, ஹொப்பைத் தூக்கி, புது ரேப் ஒட்டி இறக்க ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இறக்கிய பிறகு காஸ் இணைப்பில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்த பின்புதான் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.