a-வால வகுக்கறதா, 4a-வால பெருக்கறதா? குவாட்ராடிக் ஃபார்முலாவுக்கு ரெண்டு வழி

மயூர் விஹார்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ அக்கா பொண்ணு நோட்டைத் தூக்கிட்டு வந்தா, பத்தாவது, சிபிஎஸ்இ. "மாமா, கிளாஸ்ல எல்லாரும் இதை ஸ்ரீதராச்சாரிய சூத்ரம்னு சொல்லி மனப்பாடம் பண்றாங்க, ஆனா இந்த 4ac எங்கேருந்து வருதுன்னு கேட்டா யாருக்கும் தெரியல"ன்னா. அவ புக்ல ஃபார்முலா நேரா வந்து நிக்குது, கம்ப்ளீட்டிங் தி ஸ்கொயர் பகுதியை முன்னாடியே எடுத்துட்டாங்க. அன்னிக்கு அவளுக்கு ரெண்டு வழியிலயும் போட்டுக் காட்டினேன், எது எங்க உதவுது, எது எங்க காலை வாருதுன்னு அப்போதான் தெளிவா தெரிஞ்சது.

முதல் வழி எல்லாருக்கும் பழக்கமானது, எல்லாத்தையும் a-வால வகுத்துட்டு ஆரம்பிக்கணும். லெட்டருக்குப் போறதுக்கு முன்னாடி நம்பர்ல பாப்போம், 3x² + 5x − 2 = 0.

```
x² + (5/3)x = 2/3
x² + (5/3)x + 25/36 = 2/3 + 25/36
(x + 5/6)² = 49/36
x + 5/6 = ±7/6
x = 1/3  அல்லது  x = −2
```

அந்த 25/36 ஏன்னு கேட்டா படம் போட்டுக் காட்டலாம், இந்த வழியோட பலமே அதுதான். x பக்கம் உள்ள ஒரு சதுரம், அதோட ஒரு பக்கத்துல 5/3 அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டையை நீளவாக்குல ரெண்டா வெட்டி, ஒண்ணை வலது பக்கமும் இன்னொண்ணை கீழயும் ஒட்டினா பெரிய சதுரம் மாதிரியே வரும், ஒரு மூலை மட்டும் காலியா இருக்கும். அந்த மூலை 5/6-க்கு 5/6, அதாவது 25/36. அதை வச்சு அடைச்சா சதுரம் முழுசாகுது, பேரே அதுலேருந்துதான். கி.பி. 820 வாக்குல பாக்தாத்ல அல்-குவாரிஸ்மி x² + 10x = 39-க்கு இதே மாதிரி படம் போட்டுத்தான் விளக்கினார், மூலைக்கு 25 சேர்த்தா 64, சதுரத்தோட பக்கம் 8, அதுனால x = 3. முதல்முறையா பாக்கற பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்டாம எதையும் ஆரம்பிக்கக் கூடாதுங்கறது என் கட்சி.

சிக்கல் லெட்டருக்குப் போகும்போது வருது.

```
x² + (b/a)x = −c/a
(x + b/2a)² = b²/4a² − c/a
(x + b/2a)² = (b² − 4ac)/4a²
```

மூணாவது வரியிலதான் பாதிப் பேர் விழறாங்க. c/a-வை 4a² டினாமினேட்டருக்குக் கொண்டு வரணும்னா மேலயும் கீழயும் 4a-வால பெருக்கணும், அப்போதான் 4ac பொறக்குது. இவளும் முதல்ல அங்க (b² − c)/4a²-ன்னு எழுதினா. இப்படித் தப்பு பண்ணியிருக்கோமான்னு கண்டுபிடிக்க சுலபமா ஒரு வழி இருக்கு, மேல போட்ட நம்பரையே அதுல வச்சுப் பாருங்க, 25 + 2 = 27 வரும், 49 வராது.

அடுத்த படில இன்னொரு இடம் இருக்கு, அதை யாரும் கவனிக்கறதே இல்ல. 4a²-க்கு ஸ்கொயர் ரூட் எடுத்து 2a-ன்னு எழுதிடறோம், ஆனா a = −3-ன்னா 4a² = 36, அதோட ரூட் 6, நம்ம 2a-வோ −6. அப்போ ஃபார்முலா தப்பாயிடுமான்னா ஆகாது, ஏன்னா முன்னாடி ± இருக்கு, அடையாளம் மாறினா ப்ளஸ்ல வர விடை மைனஸ்லயும் மைனஸ்ல வர விடை ப்ளஸ்லயும் வரும், ரெண்டு விடையும் அதே ரெண்டுதான். சரியா இருந்தாலும் இதைச் சொல்லாம தாண்டிப் போனா ஆதாரத்துல ஒரு ஓட்டை இருந்த மாதிரிதான்.

இப்போ ரெண்டாவது வழி, இது ஸ்ரீதராச்சாரியரோடது. இதைச் சொன்ன அவரோட பீஜகணித நூல் நமக்குக் கிடைக்கல, 1150-ல பாஸ்கராச்சாரியர் தன் நூல்ல இவர் பேரைச் சொல்லி இந்த விதியை எடுத்துக் காட்டியிருக்கறதால தெரியும். விதி இவ்வளவுதான், ரெண்டு பக்கமும் 4a-வால பெருக்கு, b²-ஐ ரெண்டு பக்கமும் சேர்.

```
ax² + bx = −c
4a²x² + 4abx = −4ac
4a²x² + 4abx + b² = b² − 4ac
(2ax + b)² = b² − 4ac
2ax + b = ±√(b² − 4ac)
x = (−b ± √(b² − 4ac)) / 2a
```

பின்னம் ஒண்ணு கூட வரல பாருங்க, கடைசி வரில மட்டும் ஒரு வகுத்தல். ரூட் எடுக்கற இடத்துல கீழ 4a²-ங்கற டினாமினேட்டரே இல்ல, அதுனால மேல சொன்ன அடையாளத் தொல்லையும் இல்ல. இன்னொரு லாபம், நிறைய பிள்ளைங்க 2a-வால ரூட்டை மட்டும் வகுத்துட்டு −b-ஐ அப்படியே விட்டுடுவாங்க, இங்க 2ax = −b ± √(b² − 4ac)-ன்னு ஒரு வரி எழுதிட்டா வலது பக்கம் முழுசும் வகுபடணும்னு கண்ணுக்கே தெரியுது. நம்ம உதாரணத்துக்கு 12-ஆல பெருக்கினா 36x² + 60x = 24, 25 சேர்த்தா (6x + 5)² = 49, 6x + 5 = ±7, முடிஞ்சுது, அதே 1/3-உம் −2-உம்.

ஆனா இவ உடனே கேட்டா, "மாமா, 4a-வாலதான் பெருக்கணும்னு அவருக்கு எப்படித் தோணுச்சு?" சரியான கேள்வி, இந்த வழியோட பலவீனமே அதுதான், விளக்காம விட்டா இன்னொரு மனப்பாடமா போயிடும். ax² ஒரு முழு வர்க்கமா இல்ல, a-வால பெருக்கினா a²x², அதாவது (ax)², சரி. ஆனா அப்போ நடு உறுப்பு abx, அதை 2 × ax × ஏதோன்னு எழுதணும்னா அந்த ஏதோ b/2, மறுபடியும் பின்னம். 4-ஆலயும் பெருக்கிட்டா முதல் உறுப்பு (2ax)², நடுவுல 2 × 2ax × b, பாதி ஓடிப் போச்சு. a சதுரம் ஆக்கறதுக்கு, 4 பின்னத்தைத் தவிர்க்கறதுக்கு. 4 தானும் ஒரு முழு வர்க்கம்ங்கறதால சதுரத்தையும் கெடுக்கல.

இந்த ரெண்டாவது வழிக்கு ஒரு எல்லை உண்டு. வலது பக்கம் 0 இருக்கற சமன்பாட்டுலதான் இஷ்டத்துக்குப் பெருக்க முடியும். அடுத்த வருஷம் y = 3x² + 5x − 2-ன்னு ஒரு பரவளையத்தைக் குடுத்து அதோட அடிப்புள்ளி எங்கன்னு கேப்பாங்க, அப்போ 12-ஆல பெருக்கினா கையில 12y நிக்கும், திரும்பி வகுக்கணும். அங்க முதல் வழிதான் நேர் வழி, 3-ஐ வெளிய எடுத்து 3(x + 5/6)² − 49/12-ன்னு எழுதினா புள்ளி (−5/6, −49/12). வட்டத்தோட மையம் கண்டுபிடிக்கும்போதும் அதேதான்.

என்னைக் கேட்டா, நம்பர் வச்சு ரெண்டு மூணு கணக்கைப் படத்தோட முதல் வழியில போடணும், லெட்டர் வச்சு ஃபார்முலாவைக் கொண்டு வரும்போது ஸ்ரீதரர் வழிக்கு மாறிடணும். லெட்டரையும் பின்னத்தையும் ஒரே நேரத்துல பிள்ளை தலையில ஏத்தறதுதான் இந்தப் பாடத்துல நடக்கற பெரிய தப்பு.

சாப்பிட்டு முடிச்சு நான் கிளம்பற நேரத்துல 3x² + 10x + 3 = 0-ன்னு எழுதிட்டு வந்தா, "10-தான் இரட்டைப்படையாச்சே மாமா, பாதி பண்ணினா 5, பின்னமே வரல, அப்போ 4 எதுக்கு, 3 மட்டும் போதுமே"ன்னு. 9x² + 30x = −9, 25 சேர்த்து (3x + 5)² = 16, விடை −1/3, −3. 4 தேவைப்படவே இல்ல.