வாட்ஸ்அப்பில் வந்த படிவப் படம்: பெரிதாக்கிப் படிப்பதா, வெற்றுப் படிவத்தை எதிரே வைப்பதா?

தங்கை ஊரில் இருக்கிறாள், நான் சென்னையில். அவள் மகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும். பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியாக வேண்டிய கணக்கு அது. நாங்கள் விழித்துக்கொண்டபோது மருமகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு 22 நாள்தான் பாக்கி. தங்கை படிவத்தை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பினாள். நான் கைப்பேசியிலேயே பெரிதாக்கி மேலிருந்து கீழே படித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு, கொண்டுபோய்க் கொடு" என்றேன். மறுநாள் கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். கணக்கு வகையில் டிக் இல்லை, தொகையை எழுத்தால் எழுதிய இடத்தில் மேலெழுத்து. இரண்டுமே நான் பார்த்த படத்தில் அப்படியே இருந்தன.

அதன் பிறகு மூன்று வழிகளில் சரிபார்த்துப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் படிப்பது, போனில் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, அதே படிவத்தின் நிரப்பாத பிரதியை எதிரே வைத்து ஒவ்வோர் இடமாக நகர்வது. மூன்றாவதுதான் என் வழி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் படிப்பதில் ஒரு வசதி, உடனே செய்துவிடலாம். எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர் விடுபட்டது போன்றவை அதில் தெரிந்துவிடும். ஆனால் பெரிதாக்கியதும் திரையில் இரண்டு மூன்று வரிதான் நிற்கும். கண் நீல மையைத் தேடிப் போகும், மை இல்லாத இடத்தைத் தாண்டிவிடும். காலி இடம் என்பது அச்சடித்த கேள்வியைப் படித்தால்தான் காலியாகத் தெரியும். பொடி எழுத்தில் இருக்கும் அந்தக் கேள்வியை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

போனில் வாசிக்கச் சொல்வது இதைவிட மேல் என்று நினைத்தேன், பாதிதான் சரி. எழுதியவர் வாசிக்கும்போது தாளில் இருப்பதை வாசிப்பதில்லை, மனதில் இருப்பதை வாசிக்கிறார். எழுதும்போது எந்தக் கட்டத்தைத் தாண்டினாளோ அதையே தங்கை வாசிக்கும்போதும் தாண்டினாள். "கணக்கு வகை என்ன போட்டிருக்கே?" என்று நானாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்படிக் கேட்க எனக்கு அந்தக் கேள்வி தெரிந்திருக்க வேண்டுமே.

வெற்றுப் படிவம் தேவைப்படுவது அதற்குத்தான். அதே படிவத்தின் நிரப்பாத பிரதியை அச்செடுத்தேன். முக்கியம், அதே பதிப்பாக இருக்க வேண்டும். தங்கையிடம் இருந்த தாளின் அச்சுவரிகளும் என் தாளின் அச்சுவரிகளும் ஒன்றா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகு எங்கெல்லாம் எதையாவது எழுதவோ டிக் போடவோ அடிக்கவோ கையெழுத்திடவோ கேட்கிறதோ, அங்கெல்லாம் பென்சிலால் எண் போட்டேன். மொத்தம் 41 இடம் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் 1 முதல் 41 வரை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே படத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதினேன். எனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது, படத்தில் உள்ளதை மட்டுமே எழுத வேண்டும். இல்லாவிட்டால் "காலி", அடித்திருந்தால் "அடித்தது", மங்கலாக இருந்தால் "படிக்க முடியவில்லை". கடைசியாகச் சொன்னதைக் கூச்சப்படாமல் எழுத வேண்டும். 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம் என்றால் ஊகிக்காமல், அந்த இடத்தை மட்டும் மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் சரி.

திரும்பி வந்த அந்தப் பழைய படத்தையே முதலில் இப்படிப் பார்த்தேன். 29 இடம் நிரம்பியிருந்தது, 12 இடம் காலி. அதில் எட்டு எங்களுக்குப் பொருந்தாதவை. கூட்டுக் கணக்கின் இரண்டாம் நபர் விவரம் போன்றவை. மீதி நான்கு உண்மையான விடுதல்கள். கணக்கு வகை டிக், பாதுகாவலருக்குக் குழந்தையோடு உள்ள உறவு, இரண்டாம் கையெழுத்தின் கீழ்த் தேதி, அப்புறம் "நான்/நாங்கள்". அந்த இடத்தில் பொருந்தாத சொல்லை அடிக்க வேண்டும், தங்கை அடிக்கவில்லை. கவுண்டரில் கண்ணில் பட்ட குறைகளைச் சொல்லித் திருப்பினார்களே தவிர, இருக்கும் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. அந்த இரண்டை மட்டும் திருத்திக்கொண்டு போயிருந்தால் இன்னொரு நடை நடந்திருப்பாள்.

அடித்தல் விஷயத்தில் நான் கற்றது இதுதான். சில இடங்களில் அடித்திருப்பது பிழை, சில இடங்களில் அடிக்காமல் விட்டிருப்பது பிழை. "பொருந்தாததை அடிக்கவும்" என்று அச்சில் இருந்தால், அடிக்காத வரி காலி இடத்துக்குச் சமம். வெற்றுப் படிவம் எதிரே இல்லாமல் இந்த வேறுபாடு தெரியாது, ஏனென்றால் படத்தில் இரண்டும் வெறும் கோடுகள்தான்.

கையால் எழுதியதை அடித்திருந்தால் மூன்று வகையாகப் பார்க்கிறேன். ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அருகே கையெழுத்திட்டிருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு எண்ணின் மேலேயே இன்னோர் எண்ணை எழுதியிருந்தால் அது மேலெழுத்து; படத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் பக்கத்து எழுத்துகளைவிடத் தடித்து, ஓரம் இரட்டையாகத் தெரியும். மூன்றாவது ஒயிட்னர். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூச்சு படத்தில் சுலபமாக மறைந்துவிடும், அதிலும் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் சுத்தமாகத் தெரியாது. நான் பார்ப்பது அச்சுக்கோட்டை. கட்டத்தின் ஓரக்கோடோ எழுத்துக்குக் கீழுள்ள புள்ளிக்கோடோ நடுவில் அறுந்து மறுபடி தொடங்கினால் அங்கே ஒயிட்னர் இருக்கிறது. சந்தேகம் வந்தால் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வேன், பூச்சு மேடு தெரிந்துவிடும். அதனால் படம் எடுக்கும்போதே ஃபிளாஷ் வேண்டாம், பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரியும்படி, பக்கத்துக்கு ஒரு படமாக எடு என்று சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் வந்து சேரும். பின்பக்கத்தை மறக்கிறவர்கள் நிறையப் பேர்.

முரண்பாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் அந்த வெள்ளைத்தாளின் முழுப் பலன். ஒரே தகவல் படிவத்தில் இரண்டு மூன்று இடத்தில் வரும். படத்தில் அவை வெவ்வேறு பக்கத்தில் இருப்பதால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, தாளில் முடியும். தொகை எண்ணால் 1,000 என்றிருந்தது. எழுத்தால் எழுதிய இடத்தில் 'ஐநூறு' என்று முதலில் எழுதி, அதன் மேலேயே 'ஆயிரம்' என்று எழுதியிருந்தாள். முதலில் 500 கட்டலாம் என்றிருந்து மனம் மாறியதாகப் பிறகு சொன்னாள். தற்போதைய முகவரியும் நிரந்தர முகவரியும் ஒரே வீடுதான், ஆனால் பின்கோடின் கடைசி எண் ஒன்றில் 2, இன்னொன்றில் 5. பெரிதாக்கிப் படித்தபோது இரண்டும் ஆறு இலக்கத்தோடு ஒழுங்காகத்தான் தெரிந்தன.

பெயர்தான் பெரிய சிக்கல். தங்கைக்கு ஆதாரில் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் இனிஷியல் போட்டு எழுதிப் பழகிவிட்டாள், படிவத்தில் பெயர்க் கட்டத்தில் அதுதான் இருந்தது. கையெழுத்து மட்டும் பழைய பழக்கத்தில் அப்பாவின் இனிஷியலோடு. பான் கார்டிலோ இனிஷியல் இல்லை, அப்பாவின் பெயர் முழுதாகவே இருக்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று வடிவம். நாங்கள் எடுத்த முடிவு, படிவத்தோடு வைக்கும் அடையாள அட்டை நகலில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர்க் கட்டத்திலும் எழுதுவது, கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்துக் கட்டங்களையும் ஒரே மாதிரி போடுவது. ஆதாருக்கும் பானுக்கும் உள்ள வேறுபாட்டை அவள் கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள், அங்கே ஒப்புக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் அப்படியே ஒப்புக்கொள்வார்கள் என்று இந்த ஓர் அனுபவத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

இந்த வழியின் குறை நேரம். எண் போட்டு, தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் படங்களோடு ஒப்பிட்டு முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் எந்த வழி மேல் என்பதைத் தீர்மானிப்பது முதல் சரிபார்ப்பு இல்லை, இரண்டாவது. பிழை அதிகமாக இருந்ததால் தங்கை புதுப் படிவத்தில் முழுவதையும் மறுபடி எழுதினாள். மறுபடி எழுதும்போது பழைய பிழைகள் போய்ப் புதிய பிழைகள் வருகின்றன. திருத்திய இடங்களை மட்டும் பார்த்திருந்தால் தவறியிருப்போம். பழைய படிவத்தில் சரியாக இருந்த மருமகளின் ஆதார் எண்ணில் இந்த முறை நடு நான்கில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. எண் போட்ட வெற்றுப் படிவமும் சரியான விடைகள் எழுதிய தாளும் கையில் இருந்ததால் 41 இடத்தையும் மறுபடி பார்க்கக் கால் மணி நேரம்தான் ஆனது. பெரிதாக்கிப் படிக்கும் வழியில் இரண்டாம் முறையும் முதல் முறை பட்ட பாடேதான், அதுவும் அலுத்துப்போன கண்ணோடு.

அந்த ஆதார் எண்ணை உறுதிசெய்யப் போன் வழிதான் உதவியது. அவள் படிவத்தை மூடிவைத்துவிட்டு அட்டையிலிருந்து நான்கு நான்காக வாசித்தாள், நான் படத்தில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். இலக்கம் மாறியிருப்பதைச் சொன்னதும் "அண்ணே, மறுபடி சொல்லு" என்று அவள் இரண்டு முறை கேட்டு, பிறகுதான் ஒப்புக்கொண்டாள். நீளமான எண்களுக்கு மட்டும் இந்த வழியைச் சேர்த்துக்கொள்கிறேன்.

பொருந்தாத எட்டு இடங்களிலும் சின்னதாக ஒரு கோடு போடச் சொன்னேன். மறந்த காலிக்கும் வேண்டுமென்றே விட்ட காலிக்கும் வேறுபாடு எனக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கணக்கு தொடங்கியதும் படங்களை இரண்டு கைப்பேசியிலும் அழித்துவிட்டோம். ஆதார், பான், கையெழுத்து மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும் படங்கள் அவை.

பணம் எடுக்கும் சீட்டு, ஒரு பக்க விண்ணப்பம் போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை, இப்போதும் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால், அல்லது ஒரே தகவலை இரண்டு இடத்தில் கேட்டால், வெற்றுப் படிவத்தை அச்செடுக்கிறேன். வீட்டுக்கடன் விண்ணப்பம் மாதிரி இருபது பக்கக் கட்டுகளில் இதை நான் செய்து பார்த்ததில்லை. இரண்டாம் படிவம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு கவுண்டரில் ஒரே தடவையில் ஏற்கப்பட்டது. பாஸ்புக் வந்ததும் தங்கை முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். மருமகளின் பெயரையும் பிறந்த தேதியையும் அதே தாளோடு வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தன.