250 சிசி என்று பில், உள்ளே 160 சிசி: சின்ன டிராக் வண்டிக்கு ஹைட்ரோஸ்டேட்டிக் செட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் காய் சுமக்க ஒரு ரப்பர் டிராக் வண்டி கட்டினேன். பாசன வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் டிராக்டர் இறங்காது, தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பதில்லை. வண்டியும் சுமையும் சேர்ந்து 1200 கிலோ. 13 எச்பி பெட்ரோல் இன்ஜின், அதில் இரட்டை பம்ப், ஒவ்வொரு டிராக்குக்கும் எண்ணெய் அழுத்தத்தில் சுற்றும் தனி மோட்டார். சேஸிஸ் வேலையை நானே பார்த்துக்கொண்டேன். பம்ப், மோட்டார், ஹோஸ், பிரஷர் செட்டிங் எல்லாவற்றையும் கோவைப் பக்கத்து ஹைட்ராலிக் பட்டறை ஒன்றிடம் மொத்தமாகக் கொடுத்தேன். பட்டறைப் பெயரை எழுதப்போவதில்லை. செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன், இதே மாதிரி வேறு எங்கே நடந்தாலும் பிடித்துவிடலாம்.

நான் கேட்ட கணக்கு இதுதான். டிராக் வண்டி திரும்பும்போது ஒரு பக்கம் முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் ஓடி, மண்ணை அரைத்துக்கொண்டுதான் திரும்பும். அதனால் மொத்த எடையில் சுமார் 70 சதவீத இழுவை டிராக்கில் வேண்டும். 1200 கிலோவுக்கு அது 8240 நியூட்டன், ஒரு பக்கத்துக்கு 4120. ஸ்ப்ராக்கெட் ஆரம் 15 சென்டிமீட்டர் என்பதால், ஒரு மோட்டார் தரவேண்டிய டார்க் ஏறத்தாழ 620 நியூட்டன் மீட்டர். ஒரு சுற்றுக்கு 250 சிசி எண்ணெய் எடுக்கிற மோட்டார் 200 பாரில் கணக்குப்படி 796 தரும், உராய்வும் கசிவும் போக 700 கையில் நிற்கும். போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

வேகத்தைத் தீர்மானிப்பது பம்ப். 10 சிசி பம்ப் 2800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 28 லிட்டர் தள்ளும், கசிவு போக 26.6. அதை 250 சிசியால் வகுத்தால் ஸ்ப்ராக்கெட் நிமிடத்துக்கு 106 சுற்று, அதாவது மணிக்கு 6 கிலோமீட்டர். தோப்புக்குள் இதற்கு மேல் ஓட்டுவது ஆபத்து. ஆக 10 சிசி பம்ப் இரண்டு, 250 சிசி ஆர்பிட் மோட்டார் இரண்டு. இதைத்தான் தாளில் எழுதிக் கொடுத்தேன். பில்லிலும் அப்படியே, 'புதியது' என்று போட்டுத்தான் வந்தது.

வண்டியைப் பட்டறை முற்றத்தில் ஓட்டிக் காட்டினார்கள். சிமென்ட் தரையில், சுமை இல்லாமல், பறந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வேகமே முதல் துப்பு என்பது பிறகுதான் புரிந்தது. தோப்பில் காய் ஏற்றித் திருப்பினால் இடது டிராக் முனகிக்கொண்டு அப்படியே நின்றுவிடும், வலதும் சரியாக இழுக்காது. லீவரைப் பாதியாகக் குறைத்தாலும் அதே கதை. லீவரைக் குறைத்தும் இழுவை வரவில்லை என்றால் இன்ஜின் பலம் குறை அல்ல. அழுத்தம் மிஞ்சினால் திறக்கிற ரிலீஃப் வால்வு வழியாக எண்ணெய் போய்விடுகிறது, அல்லது மோட்டார் சின்னது.

போன் செய்தேன். "அண்ணா, சார்ஜ் பிரஷர் கம்மியா இருக்கும்ங்க, ஏத்திவிட்டா இழுவை வந்துடும்" என்றார் பட்டறைக்காரர். ஆள் வந்து சார்ஜ் ரிலீஃப் வால்வில் ஷிம் போட்டு அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் போனார். அதற்கும் தனிக் கூலி.

இது அப்பட்டமான பொய், ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஹைட்ரோஸ்டேட்டிக் என்பது மூடிய சுற்று. பம்ப்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் எண்ணெய் தொட்டிக்கு வராமல் நேராகப் பம்ப்புக்கே திரும்பும். வழியில் கசிந்து பம்ப், மோட்டாரின் வெளிக்கூடான கேஸுக்குள் போகிற எண்ணெயை ஈடுகட்டத்தான் பம்ப்பின் வாலில் ஒரு சின்ன சார்ஜ் பம்ப் இருக்கிறது. திரும்பி வரும் பக்கத்தை அது ஒரு அழுத்தத்தில் நிரப்பியே வைத்திருக்கும். என் பம்ப்பின் புத்தகத்தில் இருந்த அளவு, கேஸ் அழுத்தத்தைவிட 18 பார் அதிகம். இது குறைந்தால் பம்ப்பின் பிஸ்டன் காலணிகள் அவை வழுக்கி ஓடும் சாய்தட்டான சுவாஷ் பிளேட்டை விட்டு எழும்பித் தட்ட ஆரம்பிக்கும், பித்தளைத் தூள் சுற்றுக்குள் போகும். அந்தத் தூள் ஃபில்டருக்கு வராது, ஏனென்றால் ஃபில்டர் வழியே போவது சார்ஜ் எண்ணெய் மட்டும்தான். பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சுற்றிச் சுற்றி இரண்டையும் தின்றுவிடும். ஆகவே சார்ஜ் பிரஷர் அவசியம். ஆனால் அது இழுவை தராது. டார்க் என்பது மோட்டாரின் இரண்டு போர்ட்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தில் வருவது. சார்ஜை ஏற்றினால் தாழ்ந்த பக்கம் உயரும், அவ்வளவுதான்.

ஏற்றியதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. வண்டி முன்பைவிடச் சூடானது, இடது மோட்டாரின் ஷாஃப்ட் சீல் பிதுங்கி எண்ணெய் டிராக்கில் ஒழுகியது. அப்புறம் நானே கேஜ் வாங்கி மாட்டினேன்: சார்ஜ் போர்ட்டில் 60 பார் கேஜ், கேஸில் 10 பார் கேஜ். (மெயின் போர்ட்டில் 60 பார் கேஜை மாட்டிவிடாதீர்கள், வெடித்துவிடும். அங்கே 400 பார் கேஜ்தான்.) எண்ணெய் 50 டிகிரி சூடான பிறகு, இன்ஜின் முழு ஆர்பிஎம்மில், லீவர் நியூட்ரலில், சார்ஜ் 34 பார்! சார்ஜ் பம்ப் தள்ளும் 12 லிட்டர் சொச்சமும் நியூட்ரலில் இந்த அழுத்தத்தில் ரிலீஃபைத் தாண்டித்தான் விழுகிறது. 18 பாரில் வீணாவதைப் போல இரண்டு மடங்கு சக்தி சும்மா சூடாகிறது.

ஆனால் சீல் போனதற்கு 34 பார் மட்டும் காரணம் அல்ல. மோட்டாரைக் கழற்றியபோது, கேஸில் சேரும் கசிவைத் தொட்டிக்கு விடவேண்டிய டிரெயின் போர்ட்டில் இரண்டு மோட்டாரிலும் பிளக் போட்டு இறுக்கியிருந்தது தெரிந்தது. ஹோஸ் செலவு மிச்சம் என்று நினைத்தார்கள் போல என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஆர்பிட் மோட்டாரில் டிரெயின் இல்லாவிட்டால் உள்கசிவு ஒரு செக் வால்வு வழியாகத் தாழ்ந்த அழுத்தப் பக்கத்துக்குப் போகும். சாதாரணத் திறந்த சுற்றில் அந்தப் பக்கம் தொட்டிக்குப் போகிற லைன், அழுத்தம் சொற்பம், பிழைத்துக்கொள்ளலாம். மூடிய சுற்றில் அந்தப் பக்கமே சார்ஜ் பிரஷர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சீலின் முதுகில் அது உட்கார்ந்திருக்கும்.

சீல் மாற்றி, டிரெயினைத் திறந்து தொட்டிக்கு ஹோஸ் இழுத்தேன். ஷிம்மை எடுத்து சார்ஜைப் புத்தக அளவுக்கு இறக்கினேன். நியூட்ரலில் சரியாக 18 நின்றது. பிறகு ஸ்ப்ராக்கெட்டைச் சங்கிலியால் பூட்டிவிட்டு, ஒவ்வொரு லீவராக மெல்லத் தள்ளிப் பார்த்தேன். வலது பக்கம் மெயின் கேஜ் 200 காட்டும்போது சார்ஜ் அசையவில்லை. இடது லீவரைத் தள்ளியதும் 18 சரிந்து 8க்கு வந்தது. அந்த மோட்டாரின் டிரெயின் ஹோஸை வாளிக்குள் விட்டு மறுபடி தள்ளினால், 10 விநாடியில் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொட்டியது. நிமிடத்துக்கு 11 லிட்டர். வலது மோட்டாரில் அதே நேரத்தில் ஒரு டம்ளர்கூட நிறையவில்லை. (இந்தச் சோதனையை 10 விநாடிக்கு மேல் நீட்டாதீர்கள், எண்ணெய் கொதித்துவிடும். ஹோஸ் மூட்டுப் பக்கம் கை போகவே கூடாது, 200 பார் ஊசி ஒழுக்கு தோலைத் துளைத்து உள்ளே போகும்.)

இப்போது பிளக்கின் அர்த்தம் புரிந்ததா? டிரெயின் மூடியிருந்தால் கசிவெல்லாம் சுற்றுக்கே திரும்பிவிடும், சார்ஜ் கேஜ் குறையவே குறையாது. தேய்ந்த மோட்டார் கேஜில் நல்ல மோட்டாராகத் தெரியும். செலவு மிச்சம் பிடிக்கிற ஆள் செய்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கேஜ் மாட்டத் தெரிந்தவன் செய்தது.

நியூட்ரலிலேயே சார்ஜ் குறைவாக இருந்து, ரிலீஃபைத் திருகினாலும் ஏறவில்லை என்றால் சந்தேகம் சார்ஜ் பம்ப்பின் மீதோ, உறிஞ்சும் லைனில் காற்று இழுப்பதன் மீதோ, அடைத்த ஃபில்டர் மீதோ போகவேண்டும். நியூட்ரலில் சரி, லீவர் தள்ளினால் மட்டும் சரிகிறது என்றால் அந்தப் பக்கத்துப் பம்ப் அல்லது மோட்டார் கேஸுக்குள் கசிகிறது. எது என்பதை வாளி சொல்லிவிடும். இரண்டிலுமே ரிலீஃபை ஏற்றுவது நோயை மறைக்கிற வேலை.

தேய்மானம் சரி, வலது மோட்டாரும் ஏன் இழுக்கவில்லை என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கழற்றி வைஸில் பிடித்து, ஒரு போர்ட் ஹோஸை எண்ணெய்க்குள்ளும் மறு ஹோஸை அளவு ஜாடிக்குள்ளும் விட்டு, காற்று போகும்வரை சுற்றினேன். பிறகு ஷாஃப்ட்டை நீளமான லீவர் போட்டுக் கையால் சரியாக 5 சுற்று. 250 சிசி என்றால் 1250 மில்லி வரவேண்டும். வந்தது 800க்குச் சற்றுக் கீழே. அதாவது 160 சிசி. 200 பாரில் அது கணக்குப்படியே 509 தான், கையில் கிடைப்பது 450 பக்கம். எனக்கு வேண்டியது 620. வெளி அளவும் ஷாஃப்ட்டும் போல்ட் துளையும் ஒரே மாதிரி, நீளத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் வேறு நிறப் பெயின்ட், நேம் பிளேட்டின் ரிவெட் மட்டும் புத்தம் புதுசு. முற்றத்தில் வண்டி பறந்த காரணமும் இதுதான்: அதே 26.6 லிட்டர் 160 சிசிக்குப் போனால் 166 சுற்று, மணிக்கு 9.4 கிலோமீட்டர். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்ப்ராக்கெட் சுற்றை எண்ணியிருந்தாலே அங்கேயே குட்டு உடைந்திருக்கும். மோட்டாரைக் கழற்றக்கூடத் தேவையில்லை.

ஜாடி வீடியோவை அனுப்பினேன். "ஒரே பிரேம்தானுங்க அண்ணா, கம்பெனியிலேயே மாத்தி அனுப்பிட்டாங்க" என்று பதில். கம்பெனி எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டிரெயினுக்குப் பிளக் யார் போட்டது என்று கேட்டதும் போனை எடுப்பதே நின்றுவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், பில்லில் சிசி எழுதி வாங்கியிருந்ததுதான் இப்போது கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

வேறு இடத்தில் 250 சிசி மோட்டார் இரண்டு, ஜாடியில் அளந்து பார்த்த பிறகே பணம் கொடுத்து எடுத்தேன். மாட்டும் முன் பம்ப், ஹோஸ், தொட்டி எல்லாவற்றையும் கழுவி ஃபில்டரை மாற்றினேன். சார்ஜ் இப்போது நியூட்ரலில் 18, எந்த லீவரைத் தள்ளினாலும் 16க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த இரண்டு 160 சிசி மோட்டார்களும் பெயின்ட் சுரண்டிய அடையாளத்தோடு என்னிடம்தான் இருக்கின்றன. திருப்பிக் கேட்டார்கள், வழக்கு முடியும்வரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.