மடிப்பில் மறைந்த மூலைவிட்டம்: மூட்டு முறையா, வெட்டு முறையா?

மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பையன் முதலாண்டு பொறியியல் படிக்கிறான். சென்ற வாரம் அவன் பழைய இயந்திரவியல் வினாத்தாள் ஒன்றைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, இந்த டிரஸ் கணக்கில் எல்லா உறுப்புகளின் விசையும் வேண்டும், மூட்டு முறையில்தான் செய்ய வேண்டுமாம்" என்று எழுதியிருந்தான். டிரஸ் என்பது நேரான உறுப்புகளை முனைகளில் மூட்டி அமைத்த சட்டகம்; மூட்டு முறை என்றால் ஒவ்வொரு மூட்டாக எடுத்து அங்குள்ள விசைகளைச் சமன்படுத்துவது. தாளை நான்காக மடித்து வைத்திருந்திருக்கிறார்கள். ஒரு மடிப்பு டிரஸின் நடுக்கட்டத்தின் குறுக்கே போயிருந்தது. அந்தக் கட்டத்தில் ஒரு மூலைவிட்ட உறுப்பு உண்டு என்பது தெரிந்தது, ஆனால் அது எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்பது தெரியவில்லை. உயரத்தைக் குறிக்கும் எண்ணும் 3 மீட்டரா 8 மீட்டரா என்று சொல்ல முடியாதபடி நிழலில் இருந்தது.

படத்தில் தெளிவாக இருந்தவை இவை. கீழ்வரிசையில் A, B, C, D என்று நான்கு மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இடையே 4 மீட்டர். B-க்கு நேர் மேலே E, C-க்கு நேர் மேலே F. மறைந்த மூலைவிட்டம் தவிர உறுப்புகள் AB, BC, CD, AE, EF, FD, BE, CF. A-யில் கீல் தாங்கி, D-யில் உருளைத் தாங்கி. B-யில் 36 கிலோ நியூட்டன், C-யில் 18 கிலோ நியூட்டன் சுமை கீழ்நோக்கி. உயரம் 3 மீட்டர் என்றே இப்போதைக்குக் கொள்கிறேன். அப்போது சாய்வு உறுப்பு ஒவ்வொன்றும் 3, 4, 5 முக்கோணத்தின் கர்ணமாகிவிடும், சைன், கொசைன் எதுவும் தேவைப்படாது. படத்தின் மீது கோணமானி வைத்து அளப்பது மட்டும் கூடாது. சாய்வாகப் பிடித்த போனில் எடுத்த படத்தில் கோணங்கள் எல்லாமே பிசகியிருக்கும். சாய்வைத் தாளில் அச்சான அளவுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் தாங்கிகளின் எதிர்வினை. A-யைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் 36 × 4 + 18 × 8 = 12 × D, ஆகவே D-யில் 24, மிச்சம் A-யில் 30. மூலைவிட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உயரம் எதுவானாலும் இவை மாறுவதில்லை.

மூட்டு முறையில் அம்புக்குறி இடுவதற்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. தெரியாத உறுப்புகள் எல்லாவற்றையும் இழுவிசை என்றே வைத்துக்கொண்டு, அம்புகளை மூட்டை விட்டு வெளியே போவதாக வரைவது ஒன்று. எதிர்மறை விடை வந்தால் அந்த உறுப்பில் இருப்பது அமுக்க விசை. ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துத் திசையை ஊகித்து வரைவது மற்றொன்று. பல ஆண்டுகள் வரைபட அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் முதலாவதன் பக்கம். ஆனால் இரண்டாவதைத் தள்ளிவிடவும் மாட்டேன், ஏனென்றால் சில மூட்டுகளில் அது கணக்குப் போடும் முன்பே விடையின் குறியைச் சொல்லிவிடுகிறது.

A மூட்டை எடுத்துக்கொள்வோம். தாங்கி 30 மேலே தள்ளுகிறது. அங்கே செங்குத்துக் கூறு உள்ள உறுப்பு AE மட்டுமே என்பதால், அது மூட்டைக் கீழே தள்ளியாக வேண்டும், அதாவது அமுக்கத்தில்தான் இருக்கும். முதல் பழக்கப்படி எழுதினால் 30 + (3/5)AE = 0, AE = −50. கிடைத்திசையில் AB + (4/5)AE = 0, AB = 40. ஊகமும் கணக்கும் ஒத்துப்போகின்றன. இதேபோல D-யில் FD = −40, CD = 32. இந்த நான்கு விடைகளும் மடிப்பில் மறைந்த மூலைவிட்டத்தைச் சாராதவை என்பதால், பையனிடம் இவற்றை உடனே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மூலைவிட்டம் B-யிலிருந்து F-க்குப் போகிறது என்று கொண்டு மேலே போவோம். E-யில் கிடைத்திசைச் சமன்பாடு EF = −40 என்றும், செங்குத்துச் சமன்பாடு BE = 30 என்றும் தருகின்றன. C-யில் BC = 32, CF = 18. B-யில் கிடைத்திசையில் 32 + (4/5)BF − 40 = 0, ஆகவே BF = 10, இழுவிசை. ஆறு மூட்டுகளில் மொத்தம் 12 சமன்பாடுகள், உறுப்புகளோ 9. எதிர்வினைகளை முன்பே கண்டுவிட்டதால் மூன்று சமன்பாடுகள் சரிபார்ப்புக்கு மிஞ்சுகின்றன. B-யின் செங்குத்துத் திசையில் 30 + 6 − 36 = 0. F-இல் இரு திசையிலும் கூட்டுத்தொகை பூஜ்யம். எதிர்வினையில் தவறு செய்திருந்தால் இங்கேதான் வெளிப்படும். உதாரணமாக A-யில் 28, D-யில் 26 என்று எடுத்திருந்தால், B-யில் மேல்நோக்கிய கூட்டுத்தொகை 36-க்குப் பதில் 30 என்று வந்து நிற்கும். ஒரு முனையிலிருந்தே நகர்ந்து மறுமுனைக்குப் போவதை விட, இப்படி இரு முனைகளிலிருந்தும் வந்து நடுவில் சந்திப்பது நல்லது. தவறு பயணம் செய்யும் தூரம் அதில் குறைவு.

BF-ஐப் பார்த்தே ஊகிக்க முயல்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நடுக்கட்டத்தின் வெட்டு விசை, அதாவது அதன் இடப்பக்கத்துச் செங்குத்து விசைகளின் கூட்டு, 30 − 36 = −6 என்பதே அந்த உறுப்பின் குறியைத் தீர்மானிக்கிறது, அதைக் கண்ணால் காண முடியாது. அமுக்கம் என்று ஊகித்து அம்பு வரைந்த மாணவனுக்கு விடை −10 என்று வரும். அதுவரை பிழை இல்லை. அவன் அம்பை இழுவிசைக்குத் திருப்பி வரைந்துவிட்டு, F-க்குப் போகும்போது −10 என்ற எண்ணையும் கூடவே எடுத்துச் சென்றால், ஒரே பிழைக்கு இரண்டு முறை திருத்தம் செய்தவனாகிறான். அப்போது F-இல் கிடைத்திசையில் 40 − 32 + 8 = 16, செங்குத்தாக 24 + 6 − 18 = 12 என்று மிஞ்சும். இந்த 16-உம் 12-உம் BF-இன் கூறுகளான 8, 6 ஆகியவற்றின் சரியான இருமடங்கு. மிச்சம் ஏதோ ஓர் உறுப்பின் கூறுகளுக்கு இருமடங்காக வந்தால், அந்த உறுப்பின் குறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், முழுக் கணக்கையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இழுவிசை என்று வைக்கும் பழக்கத்தில் அம்பை ஒருபோதும் திருப்புவதில்லை, குறியை மட்டும் கடைசி அட்டவணை வரை சுமந்து செல்கிறோம். அதனால் இந்தப் பிழைக்கு அங்கே இடமில்லை.

இனி எதிர்க்கட்சியான வெட்டு முறை. ஜெர்மனியின் ஆகஸ்ட் ரிட்டரின் பெயரோடு வழங்கும் இந்த முறையில் EF, BF, BC மூன்றையும் குறுக்கே வெட்டி, இடப்பக்கத் துண்டை மட்டும் பார்க்கிறோம். செங்குத்துத் திசையில் 30 − 36 + (3/5)BF = 0, BF = 10. மூட்டு முறையில் ஐந்தாவது மூட்டில் கிடைத்த விடை, இங்கே ஒரே வரியில் வந்துவிட்டது. B-யைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் 30 × 4 + 3 × EF = 0, EF = −40. F-ஐப் பற்றி எடுத்தால் 240 − 144 − 3 × BC = 0, BC = 32. ஒரு விடை மற்றொன்றைச் சார்ந்து நிற்பதில்லை என்பது இதன் பெரிய பலம். ஆனால் செங்குத்து உறுப்பான CF-க்கு நேராக ஒரு வெட்டைத் தேடுவதைக் காட்டிலும் C மூட்டைப் பார்ப்பதே எளிது: அங்கே தொங்கும் 18-ஐத் தாங்க வேறு செங்குத்து உறுப்பு இல்லை. எல்லா உறுப்பும் வேண்டும் என்ற கேள்விக்கு மூட்டு முறையும், ஒன்றிரண்டு உறுப்புகள் மட்டும் வேண்டும் என்ற கேள்விக்கு வெட்டு முறையும் பொருந்தும். கேள்வியிலேயே முறையைக் குறிப்பிட்டிருந்தால், வெட்டு முறையைக் கரும்பலகை ஓரத்தில் வைத்துச் சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

மடிப்புச் சிக்கலில் வெட்டு முறை கைகொடுத்தது. மூலைவிட்டம் மறுபக்கமாக, E-யிலிருந்து C-க்குப் போனால் என்ன ஆகும்? 30 − 36 − (3/5)EC = 0, EC = −10. அதே 10, ஆனால் அமுக்கம். அளவு மாறவில்லை, குணம் மாறிவிட்டது. 5 மீட்டர் நீள உறுப்பில் அமுக்கம் என்றால் நெளிந்து வளையும் அபாயத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதால், நிஜக் கட்டுமானத்தில் இந்த ஒரு குறி மாற்றம் உருக்கின் தடிமனையே மாற்றும். கூடவே EF −32 ஆகவும் BC 40 ஆகவும் இடம் மாறிக்கொள்கின்றன, BE 36 ஆகிறது, CF 24 ஆகிறது. இரண்டு விடைத் தொகுதிகளும் சமநிலையில் குறையின்றி மூடிக்கொள்கின்றன. ஆகவே எது சரி என்று கணக்கு சொல்லாது.

உயரத்தின் கதையும் இதேதான். 8 மீட்டர் என்று போட்டுப் பார்த்தேன். செங்குத்து உறுப்புகளான BE, CF மாறவில்லை, ஏனென்றால் அவற்றைத் தீர்மானிப்பவை செங்குத்துக் கூறுகள் மட்டுமே. AB 15 ஆகவும், BC, CD இரண்டும் 12 ஆகவும் குறைந்தன. AE −33.54 என்று தசமத்தில் வந்தது. F-இல் சரிபார்த்தால் அங்கும் பூஜ்யம். மூட்டுச் சரிபார்ப்பு கூட்டல் கழித்தலையும் எதிர்வினையையும் சோதிக்கிறது, நாம் படத்தைச் சரியாகப் படித்தோமா என்பதை அது சோதிப்பதில்லை. 3 மீட்டரில் எல்லா விடையும் முழு எண்ணாக வருவது வினா தயாரித்தவரின் நோக்கத்தைக் காட்டும் வலுவான குறிப்புதான், ஆனாலும் அது சான்று ஆகாது.

அதனால் பையனை அந்தத் தாளைக் கண்ணாடிப் பலகையின் கீழே வைத்து, நேர் மேலிருந்து மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்தது. உயரம் 3 மீட்டர், மூலைவிட்டம் B-யிலிருந்து F-க்கு.

"அப்போ நான் EC-க்கு எழுதின பக்கத்தைக் கிழிச்சிடலாமா மாமா?" என்று கேட்டான்.

கிழிக்க வேண்டாம், AE, AB, FD, CD நான்கும் அதிலேயே சரியாக இருக்கின்றன, மற்ற ஐந்தை மட்டும் அடித்துவிட்டு எழுது என்றேன்.