தாடையோரப் பருவுக்கு எது: ஸ்பைரனோலாக்டோனா, கருத்தடை மாத்திரையா?

முப்பதைத் தாண்டியும் தாடையோரம் கட்டி கட்டியாக வலியோடு வரும் பரு, களிம்புக்கு அடங்காவிட்டால் பெண்களுக்கு மருத்துவர் யோசிப்பவற்றில் இந்த இரண்டும் முக்கியமானவை. இரண்டுமே, சருமத்தில் எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டும் ஆண்ட்ரோஜன் ஹார்மோனைக் குறிவைக்கின்றன, வழிதான் வேறு.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சினைப்பையில் ஆண்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் அதிகம் சுரக்கவும் வைக்கிறது. ஸ்பைரனோலாக்டோன் முக்கியமாக எண்ணெய்ச் சுரப்பியில் அந்த ஹார்மோன் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. அதனால் ஹார்மோன் ரிப்போர்ட் நார்மலாக இருப்பவர்களுக்கும் பலன் தரும்.

காரைக்குடியில் 37 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. பிரஷர் 142/92. அப்பாவுக்குக் காலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டு. இவருக்குக் கருத்தடை மாத்திரையை நான் ஒதுக்கிவிடுவேன். ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும், பிரஷரையும் ஏற்றலாம். ஆகவே ஸ்பைரனோலாக்டோன் 50 மில்லிகிராம், ஒத்துக்கொண்டால் ஆறு வாரம் கழித்து 100. மருந்துக்கடையில், "அக்கா, இது நீர் பிரியுற மாத்திரையாச்சே, பருவுக்கா?" என்பார்கள். ஆமாம், அதேதான். பிரிட்டனில் 2023-இல் வெளியான ஆய்வில் 12 வாரத்தைவிட 24 வாரத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஒரே மாதத்தில் நிறுத்திவிடக் கூடாது. மாதவிலக்கு முறை தவறுவதும், மார்பு வலிப்பதும், எழுந்ததும் தலை சுற்றுவதும் வரலாம்.

ஸ்பைரனோலாக்டோன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், அதனால் கண்காணிப்பில் முக்கியமானது அதுதான். சிறுநீரகம் நன்றாக இருந்து, வேறு மருந்தும் எடுக்காத இளம்பெண்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. ஆனால் இவருக்குப் பிரஷருக்கென்று வேறொரு டாக்டர் டெல்மிசார்டன் எழுதிக்கொடுத்தால் கதை மாறிவிடும். அதுவும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். தொடங்கும் முன்பும், ஓரிரு வாரத்திலும் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். பிரஷருக்கு நல்லதென்று வாங்கும் குறைசோடியம் உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தேவகோட்டையில் 26 வயது, பிரஷர் நார்மல், மாதவிலக்கு சீரில்லை, இப்போது குழந்தை வேண்டாம் என்பவருக்கு என் தேர்வு கருத்தடை மாத்திரை. அவருக்கு ரத்தப் பரிசோதனையைவிட பிரஷர் பார்ப்பதும், விசாரிப்பதும்தான் முக்கியம். கண்ணில் மின்னல்கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடை மாத்திரை இதற்கு ஈடாகாது, சிலருக்குப் பருவைக் கூட்டவும் செய்யும்.

ஸ்பைரனோலாக்டோன் எடுக்கும்போது கரு தங்கினால், ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதனால் கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவருக்கு நம்பகமான கருத்தடை அவசியம், பல டாக்டர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். குழந்தைக்கு முயல்வதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.6 என்று வந்தால் அன்றே டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். ரத்தம் எடுத்தபோது அணுக்கள் உடைந்திருந்தாலும் எண் பொய்யாக ஏறும், ஆனால் அதை மறுபரிசோதனைதான் சொல்லும்.