9 சதவீதம் என்று வாங்கிய பைக் கடன்: மூன்றரை ஆண்டு அனுபவம்

2022 ஜூலையில் ஒரு பைக் வாங்கினேன். ஆன்ரோடு விலை 1,08,000 ரூபாய். 28,000 முன்பணம் கட்டி, மீதி 80,000 ரூபாயை ஷோரூமிலேயே உட்கார்ந்திருந்த நிதி நிறுவன ஆளிடம் 36 மாதக் கடனாக எடுத்தேன். வட்டி 9 சதவீதம் என்றார். அதே வாரம் ஒரு வங்கியில் 12 சதவீதம் சொல்லியிருந்தார்கள். 9 எங்கே, 12 எங்கே என்று மயங்கி, வேறெதையும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த 9 என்பது பிளாட் ரேட், வங்கியின் 12 என்பது ரெட்யூசிங் பேலன்ஸ், அதாவது குறையும் நிலுவை. இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிளாட் கணக்கு சின்னப் பிள்ளைகூடப் போடக்கூடியது. 80,000-க்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் 7,200. மூன்று ஆண்டுக்கு 21,600. அசலோடு சேர்த்து 1,01,600. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 2,822. எனக்கு வந்த தவணையும் அதேதான். கணக்கில் தவறே இல்லை. ஆனால் மாதாமாதம் நான் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறேன்? கடைசி மாதத்தில் நான் தர வேண்டிய அசல் மூவாயிரம்கூட இருக்காது. அந்த மாதத்துக்கும் முழு 80,000-க்கு வட்டி போடுகிறது பிளாட் கணக்கு.

குறையும் நிலுவைக் கணக்கில் அந்தந்த மாதம் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. வங்கி சொன்ன 12 சதவீதத்தையே பார்ப்போம். மாதத்துக்கு 1 சதவீதம். முதல் மாதம் 80,000-க்கு வட்டி 800. தவணை 2,657 என்றால் 1,857 ரூபாய் அசலில் கழியும். இரண்டாம் மாதம் நிலுவை 78,143, அதற்கு வட்டி 781. இப்படி வட்டி இறங்க இறங்க அசலில் கழியும் பங்கு ஏறிக்கொண்டே போகும், தவணை மட்டும் மாறாது. அந்த 2,657 எப்படி வந்தது என்றால், இந்தச் சூத்திரத்தில்:

```
EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)
```

P அசல், r மாத வட்டி, n மாதங்கள். இங்கே r என்பது 0.01. 1.01-ஐ 36 முறை பெருக்கினால் 1.4308 வரும். 80,000 × 0.01 × 1.4308-ஐ 0.4308-ஆல் வகுத்தால் 2,657. ஆண்டு வட்டியை 12-ஆல் வகுக்காமல் அப்படியே போட்டுவிடுவதுதான் இதில் பலரும் செய்யும் பிழை. தவணை கன்னாபின்னாவென்று பெரிதாக வந்தால் அங்கேதான் பாருங்கள்.

வங்கிக் கடனில் மூன்று ஆண்டு மொத்த வட்டி 15,657. நான் எடுத்ததில் 21,600. '9 சதவீத' கடனுக்கு '12 சதவீத' கடனைவிட ஏறக்குறைய 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இது எனக்குப் புரிந்தது பதினெட்டாம் மாதத்தில். 2024 ஜனவரியில் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கடனை முடித்துவிடலாம் என்று நிறுவனத்தைக் கேட்டேன். பாதித் தவணை கட்டியாயிற்று, அசலில் 40,000 இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் 44,817 என்று இருந்தது. ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் அக்காவிடம் காட்டினேன். "அவங்க கணக்கு சரிதான் தம்பி. பிளாட்டுனு சொல்லி வித்திருக்காங்க, ஆனா புத்தகத்துல குறையும் நிலுவையிலதான் எழுதுவாங்க. நீ கட்டுற உண்மையான வட்டி என்னன்னு பாரு" என்று கணினியில் எக்செல் தாளைத் திறந்து ஒரு வரி அடித்தார்:

```
=RATE(36,2822,-80000)*12
```

விடை 16.2 சதவீதம். நான் 9 என்று நம்பியிருந்த வட்டி அதுதான். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 1,083. முதல் 18 மாதங்களில் நான் கட்டிய 50,800-ல் வட்டி 15,617. மொத்த வட்டி 21,600-ல் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, பாதிக் காலத்திலேயே போய்விட்டது. அதனால்தான் அசல் நான் நினைத்த அளவு கரையவில்லை.

அக்கா அதோடு விடவில்லை. "ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு பிடிச்சாங்க?" என்றார். 2,000 பிடித்திருந்தார்கள். அப்படியானால் எனக்காகக் கொடுக்கப்பட்டது 78,000 மட்டும். அதே வரியில் 80000-க்குப் பதில் 78000 போட்டால் 18 சதவீதம் வருகிறது. சின்னக் கடனில் இரண்டாயிரம் ரூபாய்க் கட்டணம் வட்டியில் கிட்டத்தட்ட இரண்டு சதவீதத்தை ஏற்றிவிடுகிறது என்பது எனக்குப் பெரிய பாடம்.

கையில் கணினி இல்லாவிட்டால், பிளாட் விகிதத்தை 1.8-ஆல் பெருக்குங்கள். 9 × 1.8 = 16.2. ஒன்று முதல் மூன்று ஆண்டுக் கடனுக்கு, இந்த அளவு வட்டியில், விடை உண்மைக்கு மிக அருகில் வரும். இரண்டால் பெருக்கு என்றும் சிலர் சொல்வார்கள், அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

சரி, கடனை முடித்தேனா? முடித்தேன். முன்கூட்டியே முடிப்பதற்கு நிலுவையில் 4 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,116 கேட்டார்கள். மீதி 18 தவணையையும் கட்டியிருந்தால் இன்னும் 5,983 வட்டி போயிருக்கும். ஆக மிச்சம் 3,867. இதே முடிவை முப்பதாம் மாதத்தில் எடுத்திருந்தால் மிச்சமாகும் தொகை மிகக் குறைவு, ஏனென்றால் கடைசித் தவணைகளில் வட்டியே சொற்பம்தான். முடித்த கையோடு என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து, ஆர்சியில் இருந்த அடமானக் குறிப்பை நீக்கினேன். இதைத் தள்ளிப்போட்டால் வண்டியை விற்கும்போதுதான் இடிக்கும்.

2025-ல் மனைவிக்கு ஸ்கூட்டர் வாங்கினோம். மறுபடியும் 80,000, 36 மாதம், இந்த முறை வங்கியில் 12 சதவீதம் குறையும் நிலுவை. ஒரு நல்ல மாற்றத்தை அப்போது பார்த்தேன். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம், ஏபிஆர் என்ற பெயரில், அதில் இருக்க வேண்டும். எங்கள் தாளில் கட்டணம் 1,000, ஏபிஆர் 12.9 என்று இருந்தது. வீட்டில் =RATE(36,2657,-79000)*12 போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. 2022-ல் அப்படி ஒரு தாள் என் கையில் இருந்திருந்தால் ஷோரூம் மேசையில் இரண்டு கடன்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்திருப்பேன்.

ஷோரூமில் இன்றும் வாய்மொழியாகச் சொல்லப்படுவது பிளாட் விகிதமாக இருக்கலாம். அதனால் நான் இப்போது விகிதத்தையே கேட்பதில்லை. பிடித்தம் போக எனக்காக எவ்வளவு கொடுக்கிறீர்கள், தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று மூன்று எண்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். போன வாரம் மைத்துனன் வண்டி பார்க்கப் போனபோதும் அவன் கைபேசியில் இந்த மூன்றையும்தான் குறிக்கச் சொன்னேன்.

ஸ்கூட்டர் கடனில் எட்டுத் தவணை முடிந்ததும் வங்கி அறிக்கை எடுத்தேன். மீதி அசல் 64,613. என் நோட்டில் மாதாமாதம் கழித்து எழுதி வைத்திருந்த தொகையும் அதேதான்.